சொல்லாமல் கொள்ளாமல் மாறும் ஷிப்ட்: சங்கத்துக்குப் புகார்க் கடிதம் எழுத முழுமையான வழிகாட்டி

பல்லடம், சூலூர் பக்கத்து மில்களில் ஆளுக்கொரு குறை இருக்கும். ஆனால் எங்கள் சங்கக் கிளைக்கு வரும் காகிதங்களில் பாதி ஒரே வாசகத்தில்தான் தொடங்கும்: "ஐயா, என் ஷிப்ட்டை அடிக்கடி மாற்றுகிறார்கள்." அதற்குக் கீழே மேஸ்திரியின் குணம், சூப்பர்வைசரின் பாரபட்சம், பத்து வருட உழைப்பு என்று ஒரு பக்கம் ஓடும். தேதி ஒன்றுகூட இருக்காது. அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நிர்வாகத்திடம் போனால் பெர்சனல் ஆபீசர் கேட்கிற முதல் கேள்வி, "எந்தத் தேதிங்க?" என்பதுதான். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்தக் கேள்வியில் நிற்காமல் அடுத்த கட்டத்துக்குப் போகிற கடிதத்தை எப்படி எழுதுவது என்பதுதான் இங்கே விஷயம். எங்களிடம் வந்த ஒரு சைடரின், அதாவது நூற்கும் மெஷினைப் பார்க்கும் தொழிலாளியின், கடிதத்தை வைத்தே சொல்கிறேன். மில்லின் பெயரும் அவர் பெயரும் வேண்டாம். மூன்று ஷிப்ட் ஓடுகிற நூற்பாலை. முதல் ஷிப்ட் காலை 6 முதல் 2, இரண்டாவது 2 முதல் இரவு 10, நைட் 10 முதல் காலை 6. வாராவாரம் ஷிப்ட் சுழலும், சனிக்கிழமை போர்டில் அடுத்த வாரப் பட்டியல் ஒட்டுவார்கள், ஞாயிறு லீவு.

முதலில், குறை எது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

அவர் முதலில் எழுதி வந்த கடிதத்தில் "எனக்கு நைட் ஷிப்ட் ஒத்துக்கொள்ளவில்லை" என்று ஒரு வரி இருந்தது. அதை அடிக்கச் சொன்னேன். சுழற்சியில் நைட் வருவது வேலைக்குச் சேரும்போதே ஒப்புக்கொண்டது. அதைக் குறையாக எழுதினால், "இவருக்கு நைட் பிடிக்கவில்லை, அதான் புகார்" என்று மொத்தக் கடிதத்தையும் ஓரம்கட்டிவிடுவார்கள்.

அப்புறம் உட்கார்ந்து பேசும்போதுதான் உண்மையான குறை வெளியே வந்தது. வீட்டில் இரண்டு கறவை மாடு. காலையில் கறந்து சொசைட்டியில் பால் ஊற்றுவது இவர். முதல் ஷிப்ட் வாரத்தில் மட்டும் விடியற்காலை 5.10-க்கே மில் பஸ் என்பதால், பங்காளி வீட்டுப் பையனிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுவார். அந்த வாரம் அவன் கறப்பான். ஆக, முதல் ஷிப்ட்டும் பிரச்சினை இல்லை, நைட்டும் பிரச்சினை இல்லை. ராத்திரி ஒன்பதரைக்குச் சொல்லி விடியற்காலையில் வரச்சொன்னால், அந்த நேரத்தில் பையனை எழுப்பிச் சொல்ல முடியாது என்பதுதான் பிரச்சினை.

எந்த ஷிப்ட் என்பதல்ல, எப்போது சொன்னார்கள் என்பதே குறை. இந்த வேறுபாட்டைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். இது தெளிவாக இருந்தால் மீதி தானாக வரும்.

தேதிகளைச் சேர்ப்பது

ஒவ்வொரு மாற்றத்துக்கும் நான்கு விவரம் வேண்டும். போர்டில் என்ன ஷிப்ட் போட்டிருந்தது, எந்த ஷிப்ட்டுக்கு மாற்றினார்கள், யார் எப்போது எப்படிச் சொன்னார்கள், சொன்னதற்கும் வேலை தொடங்கியதற்கும் நடுவே எத்தனை மணி நேரம். இந்த நான்காவது விவரத்தை யாரும் எழுதுவதே இல்லை. கடிதத்துக்கு உயிரே அதில்தான் இருக்கிறது.

இதையெல்லாம் எங்கே போய் எடுப்பது என்றால், பல மில்களில் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள், போர்டை போட்டோ எடுக்க முடியாது. அதனால் சனிக்கிழமை வெளியே வந்ததும் வீட்டு மாதக் காலண்டரில் அடுத்த வார ஷிப்ட்டை எழுதிவிடுங்கள். மாற்றினால் அதே கட்டத்தில் வேறு நிற மையில் மாற்றத்தையும் சொன்ன நேரத்தையும் எழுதுங்கள். பால் கணக்கும் சீட்டுக் கணக்கும் எழுதுகிற காலண்டர்தானே, இதுவும் அதில் ஏறட்டும். அன்றன்று எழுதிய குறிப்புக்கு இருக்கிற மதிப்பு, மாதக் கடைசியில் ஞாபகத்திலிருந்து எழுதிய பட்டியலுக்கு இருக்காது.

போனில் கூப்பிட்டுச் சொன்னால், அழைப்புப் பட்டியலை அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நாள் போனால் பழைய அழைப்புகள் பட்டியலிலிருந்து போய்விடலாம். வாட்ஸ்அப்பில் வந்தால் உடனே எடுங்கள், அனுப்பியவர் பிறகு அழித்துவிட முடியும். நேரில் வாயால் சொன்னால், பக்கத்தில் இருந்தவர் யார் என்று காலண்டரிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரைக் கடிதத்தில் எழுத வேண்டாம். சாட்சி தேவைப்பட்டால் சங்கம் அவரிடம் கேட்டுக்கொள்ளும். கேட்காமல் பெயரைப் போட்டு, அவரும் மாட்டிக்கொண்டால் அப்புறம் யாரும் சாட்சிக்கு வரமாட்டார்கள்.

நம் சைடர் ஒன்பது மாற்றங்களைப் பட்டியல் போட்டு வந்தார். அதில் நான்கு எந்தத் தேதி என்று அவருக்கே உறுதியில்லை, எடுத்துவிட்டோம். மீதி ஐந்தில் ஒன்று பிப்ரவரி 20. துருவிக் கேட்டபோது, மறுநாள் அக்கா மகளுக்குக் காதுகுத்து என்பதால் அவரே இன்னொருவரோடு ஷிப்ட் மாற்றிக்கொண்டது என்று தெரிந்தது. மாற்றுச் சீட்டில் அவர் கையெழுத்து இருக்கிறது. இப்படி ஒன்று உள்ளே போனால் போதும், நிர்வாகம் அந்தச் சீட்டை மேசையில் போட்டுவிட்டு, "இவரே கேட்டு மாத்தறாருங்க, அப்புறம் புகார் வேற" என்று சொல்லும். நீங்களாகக் கேட்ட மாற்றம் இருந்தால் மறைக்காதீர்கள், அது நானே கேட்டது என்று தனியாக எழுதிவிடுங்கள். அவர்கள் கையில் இருக்கிற ஆயுதத்தை நாமே முதலில் எடுத்து வைத்துவிட்டால் அதற்கு முனை போய்விடும்.

கணக்கு எங்கே தப்பும்

மிஞ்சியது நான்கு மாற்றம், 12 நாளுக்குள். இவற்றில் இரண்டை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இரண்டிலும் அவர் தப்பான காரணத்தை எழுதியிருந்தார்.

பிப்ரவரி 10, செவ்வாய். மதியம் 2 முதல் இரவு 10 வரை வேலை. ஒன்பதரைக்கு மேஸ்திரி மெஷின் பக்கத்தில் வந்து, "அண்ணா, காலைல ஆறு மணிக்கு வந்துருங்க" என்றார். 24 மணி நேரத்தில் 16 மணி நேரம் மில்லில். மில் பஸ்ஸில் வீடு சேர 10.50, திரும்பக் கிளம்ப 5.10. வீட்டில் இருந்தது 6 மணி 20 நிமிடம். அவர் இதை "ஓடி தரவில்லை", அதாவது ஓவர்டைம் சம்பளம் தரவில்லை, என்று எழுதியிருந்தார். சட்டப்படி அது நிற்காது. நாள் என்பதை நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை என்றுதான் சட்டம் கணக்கிடுகிறது. செவ்வாய்க்கு ஒரு ஷிப்ட், புதனுக்கு ஒரு ஷிப்ட், அவ்வளவுதான். உடம்புக்குத் தெரிந்த 16 மணி நேரம் காகிதத்தில் தெரியாது. அதனால் ஓடி என்ற வார்த்தையை எடுத்துவிட்டு, "இரண்டு ஷிப்ட்டுக்கும் நடுவே 8 மணி நேரம், அதில் வீட்டில் 6 மணி 20 நிமிடம்" என்று எழுதினோம். அதை யாரும் மறுக்க முடியாது.

பிப்ரவரி 14, சனி. இரண்டாவது ஷிப்ட்டுக்கு 1.50-க்கு கேட்டில் போய் நிற்கிறார். "போயிட்டு ராத்திரி பத்துக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். நைட் பார்த்து ஞாயிறு காலை 6 மணிக்கு வெளியே வந்தார். அன்று மாலை 4 மணிக்குப் போன், அன்றிரவு 10 மணிக்கே வரச்சொல்லி. இவர் இதையும் வெறும் ஷிப்ட் மாற்றம் என்றுதான் எழுதியிருந்தார். உண்மையில் பட்டியலிலேயே கனமானது இதுதான். நள்ளிரவைத் தாண்டுகிற ஷிப்ட் பார்ப்பவருக்கு வார ஓய்வு என்றால், ஷிப்ட் முடிந்த நேரத்திலிருந்து தொடர்ந்து 24 மணி நேரம். பழைய தொழிற்சாலைகள் சட்டத்திலும் இது இருந்தது, இப்போதைய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. அவருடைய ஓய்வு ஞாயிறு காலை 6-க்குத் தொடங்கி திங்கள் காலை 6-க்கு முடிய வேண்டும். கிடைத்தது 16 மணி நேரம். அதற்குப் பதில் வேறு நாள் லீவு கொடுத்தார்களா என்று கேட்டேன், இல்லை. அந்த வாரம் மொத்தம் ஏழு ஷிப்ட், 48 மணி நேரத்தைத் தாண்டுகிறது. கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் வர வேண்டும், வரவில்லை. ஆனால் இந்தச் சம்பளப் பாக்கியை இதே கடிதத்தில் சேர்க்க வேண்டாம் என்று தனிக் காகிதமாக எழுதச் சொன்னேன். ஒரே கடிதத்தில் பணமும் இருந்தால், பணத்தைக் கொடுத்து வாயை அடைத்துவிட்டு ஷிப்ட் விஷயத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். நடந்து பார்த்தது இது.

பிரிவு எண் எழுதலாமா?

எழுத வேண்டாம் என்பது என் கருத்து. தப்பான பிரிவை எழுதினால் அதைப் பிடித்துக்கொள்வார்கள். அதுவும் 2025 நவம்பர் 21 முதல் புதிய சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்த பிறகு, பழைய எண்களை எழுதுகிறவர்கள் நிறைய. சட்டம் பேசுவது சங்கப் பிரதிநிதியின் வேலை. ஆனால் அவர் என்ன பேசப்போகிறார் என்று தெரிந்திருந்தால், உங்கள் கடிதத்தில் எதை எழுதினால் அவருக்கு உதவும் என்று புரியும்.

மில்லின் வேலை விதிகளான நிலையாணைக்கு மாறாக ஷிப்ட் முறையைத் தொடங்கவோ மாற்றவோ நிறுத்தவோ வேண்டுமானால், 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும். இது 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்திலிருந்து தொழில் உறவுகள் சட்டத் தொகுப்புக்கு வந்தது. புதிதாக ஒரு விதிவிலக்கு சேர்ந்திருக்கிறது: அவசர நிலையில் குறைதீர்ப்புக் குழுவைக் கலந்துகொண்டு, அறிவிப்பு இல்லாமல் ஷிப்ட்டை மாற்றலாம். ஆகவே நிர்வாகம் "அவசரம்" என்று சொல்லும், பிரதிநிதி "குழுவைக் கேட்டீர்களா" என்பார். இன்னொன்றும் சொல்வார்கள்: ஒரு ஆளை ஒரு நாள் மாற்றிப் போடுவது ஷிப்ட் முறையை மாற்றுவது ஆகாது என்று. ஒரு முறை நடந்திருந்தால் அந்த வாதம் எடுபடும். 12 நாளில் நான்கு முறை என்றால் போர்டில் ஒட்டும் பட்டியலுக்கே அர்த்தம் இல்லை என்று எதிர்வாதம் வைக்கலாம். இதற்காகத்தான் தேதிகளை அடுக்கச் சொல்கிறேன்.

"அவசரம்" என்ற பதிலுக்கு உங்களிடம் ஏதாவது இருந்தால் அது பொன். நம் சைடரை 14-ஆம் தேதி மாற்றியதற்குக் காரணம், நைட் ஷிப்ட் ஆள் ஒருவர் தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு போனது. அந்தப் பத்திரிகை இரண்டு வாரம் முன்பே மேஸ்திரி கைக்குப் போயிருக்கிறது. லீவுச் சீட்டும் ஓகே ஆகியிருந்தது. இரண்டு வாரம் முன்பே தெரிந்த லீவு, கேட்டில் வந்து நிற்கும்போதுதான் அவசரமாகிறதா?

கடிதம்

எல்லாம் சேர்ந்த பிறகு இப்படி வந்தது. ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை.

> அனுப்புநர்: (பெயர்), சைடர், ஸ்பின்னிங் பிரிவு, டோக்கன் எண் ( )
> பெறுநர்: கிளைச் செயலாளர் அவர்கள், (சங்கத்தின் பெயர்)
> தேதி: 23.02.2026
>
> பொருள்: போதிய அவகாசம் தராமல் ஷிப்ட்டை மாற்றுவது குறித்து.
>
> மதிப்பிற்குரிய தோழருக்கு வணக்கம்.
>
> சுழற்சியில் வரும் எந்த ஷிப்ட்டையும் பார்க்க நான் மறுக்கவில்லை. பட்டியல் ஒட்டிய பிறகு, சில மணி நேர அவகாசத்தில் ஷிப்ட்டை மாற்றுவதுதான் என் குறை. பிப்ரவரி 4 முதல் 15 வரை நான்கு முறை இப்படி நடந்திருக்கிறது.
>
> 1. பிப்ரவரி 4, புதன். பட்டியலில் முதல் ஷிப்ட். இரண்டாவது ஷிப்ட்டுக்கு வரும்படி 3-ஆம் தேதி இரவு 8.40-க்கு சூப்பர்வைசர் போனில் சொன்னார். அவகாசம் 17 மணி 20 நிமிடம்.
> 2. பிப்ரவரி 11, புதன். பட்டியலில் இரண்டாவது ஷிப்ட். முதல் ஷிப்ட்டுக்கு வரும்படி 10-ஆம் தேதி இரவு 9.30-க்கு மேஸ்திரி நேரில் சொன்னார். அவகாசம் 8 மணி 30 நிமிடம். இரண்டு ஷிப்ட்டுக்கும் நடுவே 8 மணி நேரம், அதில் வீட்டில் இருந்தது 6 மணி 20 நிமிடம்.
> 3. பிப்ரவரி 14, சனி. பட்டியலில் இரண்டாவது ஷிப்ட். மதியம் 1.50-க்கு கேட்டில் திருப்பி அனுப்பி, நைட்டுக்கு வரச்சொன்னார்கள். அவகாசம் 8 மணி 10 நிமிடம். லீவில் சென்றவரின் விடுப்பு முன்பே அனுமதிக்கப்பட்டது.
> 4. பிப்ரவரி 15, ஞாயிறு. வார ஓய்வு. காலை 6 மணிக்கு நைட் முடித்த எனக்கு, மாலை 4 மணிக்குப் போன் செய்து இரவு 10-க்கு வரச்சொன்னார்கள். அவகாசம் 6 மணி நேரம். கிடைத்த ஓய்வு 16 மணி நேரம். மாற்று ஓய்வு நாள் தரவில்லை.
>
> பிப்ரவரி 20 அன்று நடந்த மாற்றம் நானே கேட்டது. அதை இதில் சேர்க்கவில்லை.
>
> முதல் ஷிப்ட் வாரத்தில் மாடு கறக்க முன்கூட்டியே ஆள் ஏற்பாடு செய்துகொள்வேன். 11-ஆம் தேதி ஏற்பாடு செய்ய நேரம் இல்லாததால், அன்று காலை சொசைட்டியில் பால் ஊற்ற முடியவில்லை.
>
> நான் கேட்பது: சனிக்கிழமை ஒட்டும் பட்டியலை மாற்றுவதானால் 48 மணி நேரம் முன்பு எழுத்தில் சொல்ல வேண்டும். திடீர் விடுப்பால் ஆள் குறைந்தால், விருப்பமுள்ளவர்களை முதலில் கேட்க வேண்டும். எந்த நிலையிலும் இரண்டு ஷிப்ட்டுக்கு நடுவே 12 மணி நேரம் இருக்க வேண்டும்.
>
> இந்தக் கடிதத்தை என் பெயரோடு நிர்வாகத்திடம் காட்டச் சம்மதிக்கிறேன். போன் அழைப்புகளின் ஸ்கிரீன்ஷாட் இரண்டும், காலண்டர் பக்கத்தின் நகலும் இணைத்துள்ளேன்.
>
> இப்படிக்கு,
> (கையெழுத்து)

இதில் "தோழர்" என்பதை உங்கள் சங்கத்தின் வழக்கப்படி மாற்றிக்கொள்ளுங்கள். நேரில் "அண்ணா" என்று கூப்பிடுகிறவருக்குத்தான் எழுதுகிறீர்கள், ஆனாலும் இந்தக் காகிதத்தை நாளைக்கு அதிகாரி ஒருவரும் படிப்பார்.

கோரிக்கைப் பகுதியைப் பற்றி ஒன்று. 48 மணி அவகாசம், 12 மணி இடைவெளி என்பவை சட்டத்தில் இருக்கிற எண்கள் அல்ல, பேசி வாங்க வேண்டியவை. அதனால்தான் "நான் கேட்பது" என்று இருக்கிறது, "என் உரிமை" என்று இல்லை. "விருப்பமுள்ளவர்களை முதலில் கேட்க வேண்டும்" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். நோம்பி சமயத்திலும் வடநாட்டு ஆட்கள் ஊருக்குப் போகிற சமயத்திலும் ஆள் குறைவது நிஜம். அதற்கு ஒரு வழி சொல்லாமல் மாற்றவே கூடாது என்று கேட்டால் எந்த மேனேஜரும் ஒப்புக்கொள்ளமாட்டார். ஓடிக்கு ஆசைப்பட்டு வருகிறவர் எல்லா டிபார்ட்மென்ட்டிலும் நாலு பேர் இருப்பார்கள்.

சம்மத வரியும் முக்கியம். பெயர் வெளியே வர விருப்பமில்லை என்றால் "என் பெயரைச் சொல்லாமல் பொதுவாகப் பேசவும்" என்று எழுதலாம். ஆனால் தேதியும் நேரமும் இருக்கிற கடிதத்தில் ஆள் யாரென்று மேஸ்திரிக்கு ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அப்படிப் பயமிருந்தால், அதே பிரிவில் இதே சிக்கல் உள்ள இரண்டு மூன்று பேரைச் சேர்த்து ஒரே கடிதமாகக் கொடுப்பதுதான் வழி. கான்ட்ராக்ட் ஆட்களாக இருந்தால், மாற்றச் சொன்னது மில் சூப்பர்வைசரா, கான்ட்ராக்டரின் ஆளா என்பதையும் ஒவ்வொரு தேதியிலும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் இருவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள்.

கொடுத்த பிறகு

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு பிரதிநிதியின் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சங்கக்காரர் தானே, நம் ஆள்தானே என்று கூச்சப்பட வேண்டாம். தேதி ஏன் வேண்டும் என்றால், 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கிற இடத்தில் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும், சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் அங்கே மனு கொடுக்கலாம். குழுவுக்கு 30 நாள். முடிவு திருப்தி இல்லை, அல்லது முடிவே வரவில்லை என்றால், அடுத்த 60 நாளுக்குள் சங்கத்தின் மூலமாகச் சமரச அதிகாரியிடம் போகலாம். சங்கத்திடம் கடிதம் கொடுத்ததும் குழுவிடம் மனு கொடுத்ததும் ஒன்றல்ல. மனு எந்தத் தேதியில் போகிறது என்று பிரதிநிதியிடம் கேட்டு, அதையும் காலண்டரில் எழுதிவிடுங்கள்.

நடுவில் மறுபடியும் திடீரென்று மாற்றினால் வேலைக்குப் போகாமல் இருக்காதீர்கள். போகாவிட்டால் ஆப்சென்ட் போட்டு, புகார் கொடுத்தவர் நீங்கள், குற்றம் செய்தவரும் நீங்கள் என்று ஆக்கிவிடுவார்கள். போய் வேலை பாருங்கள். வெளியே வந்ததும் 5, 6 என்று வரிசை எண்ணைத் தொடர்ந்து, அதே வடிவத்தில் ஒரு துண்டுச் சீட்டு எழுதிப் பிரதிநிதியிடம் கொடுங்கள். நம் சைடர் மார்ச் முதல் வாரத்தில் இப்படி ஐந்தாவது சீட்டைக் கொண்டு வந்தார். அவகாசம் 3 மணி நேரம்.